பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன்

பிப்ரவரி மாதத்தில் புனே நகரின் கிழக்கே ஹடப்சர் பக்கம் போனால் சாலையோரத் தள்ளுவண்டிகளில் பச்சைத் திராட்சை குவிந்திருக்கும். வாங்கும் முன் ஒரு குலையைத் தூக்கிக் காம்பைப் பாருங்கள். ஒன்றில் காம்பு இளம்பச்சையாக, ஒடித்தால் ஈரம் தெரியும்படி இருக்கும். இன்னொன்றில் அதே பழம், அதே நிறம், ஆனால் காம்பு மட்டும் பழுப்பேறிச் சணல் நூல் மாதிரிக் காய்ந்திருக்கும். இரண்டாவது குலை பழையது என்றுதான் உடனே தோன்றும். பழையதாக இருக்கலாம். முதல் குலையை அறுத்த அதே நாளில், ஐந்து மணி நேரம் கழித்து அறுத்ததாகவும் இருக்கலாம்.

ஹடப்சரிலிருந்து சோலாப்பூர் சாலையில் சற்று தூரம் போனால் மாஞ்சரி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் 1997 முதல் அங்கே இருக்கிறது. மாஞ்சரியைத் தாண்டி, நகரம் விழுங்காமல் விட்ட இடங்களிலும், வடக்கே ஜுன்னர், கிழக்கே பாராமதி, இந்தாபூர் பக்கங்களிலும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் இந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் குழுவாக வருகிறார்கள். குழுவுக்கு மராத்தியில் ‘டோளி’ என்று பெயர். அதை அழைத்து வருபவர் ‘முகாதம்’. நம் தேயிலைத் தோட்டக் கங்காணியின் மராத்தி உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டக்காரரிடம் முகாதம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்தத் தேதி, எத்தனை பேர்?

பார்வைக்கு இது எளிய வகுத்தல் கணக்கு. பறிக்க வேண்டிய எடையை ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் எடையால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை வந்துவிடும். சிக்கல் ‘ஒரு நாள்’ என்ற சொல்லில் இருக்கிறது. திராட்சைக்கு ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம்?

கடிகாரம் சொல்லும் பகல்

பிப்ரவரி நடுவில் புனேயில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் நீளும். ஆனால் அது எப்போது தொடங்குகிறது என்பது தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களை ஏமாற்றும். சென்னையில் அன்றைக்குச் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.32 மணிக்கு. புனேயில் 7.02. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம், அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. புனே அந்தக் கோட்டுக்கு எட்டரை டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் அங்கே சூரியன் 34 நிமிடம் பிந்தித்தான் வரும். பூமியின் சுற்றுப்பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் பிப்ரவரியில் இன்னொரு 14 நிமிடம் சேர்கிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12.48க்கு. காலை ஆறரைக்கு வேலை தொடங்கும் என்று ஆட்களை வரச் சொன்னால் அவர்கள் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

உதயமானதும் கத்தரியை எடுத்துவிட முடியாது. முதல் தடை பனி. தெளிந்த, காற்றில்லாத இரவில் இலைகள் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அவற்றின் மேல் ஈரம் படிகிறது. தரையை ஒட்டிய காற்றுக்கு இரவில் தனிக் குணம் உண்டு என்பதைக் கண்டுபிடித்ததில் புனேக்குப் பங்கு உண்டு. பாலக்காட்டில் பிறந்து, சி. வி. ராமனிடம் பயின்ற எல். ஏ. ராமதாஸ், 1932இல் இங்குள்ள வானிலைத் துறையில் வேளாண் வானிலையியல் பிரிவைத் தொடங்கியவர். அதே ஆண்டு அவரும் ஆத்மநாதனும் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். அமைதியான இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை, தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்றார்கள். ‘ராமதாஸ் படலம்’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். தோட்டக்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், வானிலை நிலையத்தின் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி சொல்வது ஒன்று, குலை தொங்கும் உயரத்தில் நடப்பது வேறொன்று என்பதுதான்.

பந்தலின் நடுவே, இலைக்கூரையின் அடியில் தொங்கும் குலை வானத்தைப் பார்ப்பதில்லை. அதன் மேல் பனி அதிகம் படியாது. வரிசையின் ஓரத்தில், திறந்த வானத்துக்குக் கீழே இருக்கும் குலை நனைந்திருக்கும். நனைந்த குலையை அறுத்துப் பெட்டியில் அடைத்தால் இரண்டு விதமான கேடு வரும். ஒன்று, சாம்பல் நிறப் பூஞ்சை முளைக்க ஈரம் போதும். மற்றொன்று, ஏற்றுமதிப் பெட்டிகளுக்குள் பூஞ்சையைத் தடுக்க வைக்கும் கந்தக டை ஆக்சைடு தாள்களைப் பற்றியது. அவை ஈரத்தில்தான் வாயுவை வெளியிடும். மெதுவாக வர வேண்டிய வாயு, ஈரம் மிகுந்தால் ஒரேயடியாக வந்து, காம்படியில் பழத்தை வெளுக்கச் செய்துவிடும். அதனால் பிப்ரவரியில் ஓர வரிசைகளை எட்டு மணிக்கு முன் தொடுவதில்லை. விரலால் குலையைத் தடவினால் ஈரம் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான் சோதனை.

வெயில் சொல்லும் பகல்

பனி தொடக்கத்தை நிர்ணயிக்கிறது என்றால் முடிவை நிர்ணயிப்பது வெப்பம். புனேயில் பிப்ரவரி விடியல் 12, 13 டிகிரி இருக்கும். பிற்பகலில் அது 32ஐத் தொடும். ஒரே நாளுக்குள் இவ்வளவு பெரிய ஏற்றம் கடலோரத்து ஆட்களுக்குப் பழக்கமில்லாதது. அதோடு காற்றின் ஈரமும் சரிகிறது. காலையில் முக்கால் பங்கு ஈரம் நிறைந்திருந்த காற்று, மூன்று மணிக்குக் கால் பங்குக்கு இறங்கிவிடும்.

காம்பு காய்வது இந்த இரண்டும் சேர்ந்து நடத்தும் வேலை. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை உறிஞ்சத் தயாராக இருக்கிறது என்பதை அழுத்த அலகில் அளப்பார்கள். காலை 16 டிகிரியில், 75 விழுக்காடு ஈரத்தில், அந்தப் பசி சுமார் 0.45 கிலோபாஸ்கல். பிற்பகல் 32 டிகிரியில், 25 விழுக்காடு ஈரத்தில், 3.6 கிலோபாஸ்கல். எட்டு மடங்கு. பழத்தின் தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அது ஓரளவு தாங்கும். காம்புக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. கொடியில் இருக்கும்வரை வேரிலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தது. அறுத்ததும் வரத்து நின்றுவிட்டது, செலவு மட்டும் எட்டு மடங்கு வேகத்தில் நடக்கிறது. பழம் கொழுகொழுவென்று இருக்கும்போதே காம்பு பழுப்பேறுவது இதனால்தான்.

பழத்துக்குள் சேர்ந்திருக்கும் வயல் சூடு அடுத்த செலவு. அறுத்த குலையைச் சில மணி நேரத்துக்குள் முன்குளிரூட்டும் அறையில் வைத்து 2 டிகிரி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 16 டிகிரியில் அறுத்தது என்றால் 14 டிகிரி இறக்க வேண்டும். 30 டிகிரியில் அறுத்தது என்றால் 28. சரியாக இருமடங்கு வெப்பத்தை அந்த இயந்திரம் வெளியே தள்ள வேண்டும். மின்சாரமும் நேரமும் அதற்கேற்ப ஆகும். நேரடி வெயில் படும் பழம் காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும் என்பதால், நிழலில் வைத்த வெப்பமானியை நம்பினால் ஏமாந்துபோவோம். ஊசிமுனை வெப்பமானியைப் பழத்துக்குள் குத்திப் பார்ப்பதே சரி. நம் கணக்குக்குச் சதையின் வெப்பம் 25 டிகிரி வந்ததும் கத்தரியைக் கீழே வைக்க வேண்டும் என்று எல்லை போட்டுக்கொள்வோம். பிப்ரவரியில் அது பதினொன்றரை மணிவாக்கில் வரும் என்று கொள்ளலாம்.

ஆக, எட்டிலிருந்து பதினொன்றரை. பதினொன்றரை மணி நேரப் பகலில் திராட்சைக்குக் கிடைப்பது மூன்றரை மணி நேரம்.

அந்த மூன்றரை மணி நேரத்துக்குள்ளும் ஒரு வரிசை முறை உண்டு. கொடி வரிசைகள் வடக்குத் தெற்காக ஓடினால் கிழக்குப் பக்கக் குலைகளில் பனி முதலில் காயும், சூடும் முதலில் ஏறும். ஆகவே கிழக்குப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, இலைகளின் நிழல் இன்னும் விழுந்துகொண்டிருக்கும் மேற்குப் பக்கத்துக்கு மாற வேண்டும். எல்லோரையும் ஒரே முனையிலிருந்து நேராக நடக்கவிட்டால் இந்த லாபம் கிடைக்காது.

இருபத்தைந்து வினாடி

இப்போது ஆள் கணக்குக்கு வரலாம். நான்கு ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஏக்கரும் ஒரு துண்டு. ஒரு துண்டில் பத்து டன் காய்த்திருக்கிறது. ஒரு குலையின் எடை 350 கிராம். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தோட்டத்து எண்களைப் போட்டாலும் வழி ஒன்றுதான்.

பறிப்பவர் செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். இடது கை காம்பைப் பிடிக்கிறது. பழத்தைப் பிடிப்பதே இல்லை, ஏனென்றால் விரல் பட்ட இடத்தில் தோலின் மேல் உள்ள மெல்லிய வெண்பூச்சு அழிந்து கைரேகை விழுந்துவிடும். வலது கை கத்தரி கொடியை ஒட்டி அறுக்கிறது. குலையைத் தூக்கி ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார். நசுங்கியதோ அழுகியதோ இருந்தால் கத்தரி முனையால் நீக்குகிறார். பிறகு பெட்டியில் காம்பு மேலே இருக்கும்படி, ஒரே அடுக்காக வைக்கிறார். இவ்வளவுக்கும் 25 வினாடி என்று கொண்டால் மணிக்கு 144 குலை, அதாவது 50 கிலோ. பெட்டி மாற்றவும் தண்ணீர் குடிக்கவும் பத்தில் ஒரு பங்கு கழித்தால் 45 கிலோ. மூன்றரை மணி நேரத்தில் ஒருவர் ஏறக்குறைய 157 கிலோ.

ஒரு துண்டின் பத்து டன்னையும் ஒரே நாளில் எடுத்துவிடலாமா? 64 பேர் வேண்டும். ஆட்கள் கிடைத்தாலும் செய்யக் கூடாது. முன்குளிரூட்டும் அறையில் நமக்கு ஒதுக்கிய இடம் நாளுக்கு மூன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் பறித்தது அறை வாசலில் நிழலில் காத்துக் கிடக்கும். காலையில் சம்பாதித்த பச்சைக் காம்பை மதியத்தில் தொலைத்துவிடுவோம். அன்றைய இலக்கு மூன்றரை டன் என்று முடிவு செய்தது குளிர் அறைதான். அதை 157ஆல் வகுத்தால் 23 பேர். ஐந்து பேருக்கு ஒருவர் பெட்டி சுமக்க, ஒருவர் எடைபோட்டுக் கணக்கெழுத என்று சேர்த்தால் 29.

இனிமேல்தான் அனுபவமில்லாதவர்கள் தவறும் இடம் வருகிறது. ஒரு துண்டில் எல்லாக் குலைகளும் ஒன்றாகப் பழுப்பதில்லை. முதல் பறிப்பில் எழுபது விழுக்காடு எடுக்கலாம். அது ஏழு டன், இரண்டு நாள் வேலை. மீதி மூன்று டன்னை ஒரு வாரம் கழித்து எடுக்க வேண்டும். ‘மூன்றரைக்கு 23 பேர், மூன்றுக்கு 20 போதும்’ என்று முகாதமிடம் சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை முடியாது. இரண்டாம் பறிப்பில் குலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்குகின்றன. நடக்க வேண்டும், தேட வேண்டும். 25 வினாடி 35 ஆகிறது. மணிக்கு 45 கிலோ 32 ஆகிறது. மூன்று டன்னுக்கு 27 பேர் தேவை. பழம் குறைகிறது, ஆள் கூடுகிறது.

முதல் நாளின் கிலோ இலக்கை அப்படியே இரண்டாம் பறிப்புக்கும் வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பெட்டிகளே காட்டிக்கொடுக்கும். இலக்கை எட்டுவதற்காகப் பழுக்காத குலையும் விழும். திராட்சை மாம்பழம் மாதிரி அல்ல, அறுத்த பிறகு பழுக்காது. அறுத்தபோது இருந்த புளிப்பு அப்படியே நிற்கும். கிலோ கணக்கில் கூலி தந்தால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். பெட்டியின் அடியில் உதிரிப் பழங்கள் அதிகமாகக் கிடந்தாலும், வெண்பூச்சில் விரல் தடம் பதிந்திருந்தாலும், கையின் வேகம் அளவை மீறிவிட்டது என்று அர்த்தம். நாள் கூலியாகத் தந்து, பெட்டிகளைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்கிறவர்களுக்கு உதிரி குறையும், ஆனால் மேற்பார்வைக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். இரண்டில் எதுவும் இலவசமில்லை.

அக்டோபரில் எழுதிய தேதி

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: எந்தத் தேதி? அதற்கு விடை பிப்ரவரியில் கிடையாது, அக்டோபரில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் திராட்சைக் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் செய்வது கொடியை வளர்க்க. அதைக் ‘கரட் சாட்டணி’ என்பார்கள். அக்டோபர்வாக்கில் செய்வது காய்க்க வைக்க. அது ‘பள சாட்டணி’. கவாத்துக்கு மராத்தியில் சாட்டணி என்று பெயர், காதில் விழும்போது மட்டும் நமக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி நினைவுக்கு வரும். இந்த இரண்டாம் கவாத்து நடந்த நாளிலிருந்துதான் பழத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மொட்டுகள் ஒரே சீராக விரிய ஹைட்ரஜன் சயனமைடு தடவுவதும் அப்போதே. அது சீராக விரியாவிட்டால் நான்கு மாதம் கழித்து இரண்டு பறிப்பு மூன்றாகும், நான்காகும். ஒவ்வொரு பறிப்பும் முந்தையதைவிட மெதுவாக நடக்கும்.

ஒரு டோளியைத் தொடர்ந்து வேலையில் வைத்திருக்க வேண்டுமானால் நான்கு துண்டுகளையும் ஒரே வாரத்தில் கவாத்து செய்யக் கூடாது. இரண்டு வார இடைவெளி விட்டுச் செய்வோம்: அக்டோபர் 1, 15, 29, நவம்பர் 12. அறுவடையும் அதே இரண்டு வார இடைவெளியில் வரும் என்று நினைப்போம். வராது.

கொடிக்கு நாள்காட்டி தெரியாது, வெப்பம்தான் தெரியும். 10 டிகிரிக்குக் கீழே அது வளராது என்பது பொதுவான கணக்கு. ஒரு நாளின் சராசரி வெப்பம் 25 டிகிரி என்றால் அன்றைக்குக் கொடியின் கணக்கில் 15 அலகு வரவாகிறது. புனேயின் சராசரி அக்டோபரில் ஏறக்குறைய 25, நவம்பரில் 22, டிசம்பர், ஜனவரியில் 20 சொச்சம், பிப்ரவரியில் 22 சொச்சம், மார்ச்சில் 26. பழம் தயாராக 1,600 அலகு சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டு நாள் நாளாகக் கூட்டிப் பார்த்தேன். அக்டோபர் 1ஆம் தேதித் துண்டு பிப்ரவரி 10இல் தயாராகிறது. 15ஆம் தேதித் துண்டு பிப்ரவரி 27இல். 29ஆம் தேதித் துண்டு மார்ச் 12இல். நவம்பர் 12ஆம் தேதித் துண்டு மார்ச் 23இல்.

இடைவெளிகளைப் பாருங்கள். கவாத்தில் ஒவ்வொன்றும் 14 நாள். அறுவடையில் 17, பிறகு 13, பிறகு 11. அக்டோபர் வெயிலில் முந்திக்கொண்ட இரண்டு வாரத்தின் வரவைப் பின்தங்கிய துண்டு பிப்ரவரியின் இதமான நாள்களில் ஈடுகட்ட 17 நாள் ஆகிறது. நவம்பரில் பின்தங்கிய துண்டோ மார்ச் வெயிலில் 11 நாளில் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது. குளிர் அறுவடைகளை விலக்கி வைக்கிறது, வெப்பம் நெருக்குகிறது. இதைக் கவனிக்காதவர் பிப்ரவரி நடுவில் டோளிக்கு வேலை இல்லாமல் தவிப்பார். மார்ச்சில் ஒரு துண்டின் இரண்டாம் பறிப்பும் அடுத்த துண்டின் முதல் பறிப்பும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கும்போது ஆள் தேடி அலைவார். சமமான அறுவடை வேண்டுமென்றால் கவாத்தைச் சமமில்லாமல் செய்ய வேண்டும்: முன்பக்கம் நெருக்கமாக, பின்பக்கம் அகலமாக.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தலைவலி வேறு மாதிரி. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேனிப் பக்கத்தில் புனே மாதிரிக் குளிரும் கோடையும் இவ்வளவு பிரிந்து நிற்பதில்லை. ஆண்டின் பல மாதங்களில் கவாத்து செய்யலாம், ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஆகவே அறுவடை ஆட்களுக்கு ஊரிலேயே சுழற்சியாக வேலை இருக்கும். பருவத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து டோளியைக் கூப்பிடும் வழக்கம் தட்பவெப்பம் உண்டாக்கிய வழக்கம்.

மார்ச்சில் இன்னொரு முரண். மார்ச் 23இல் புனேயில் சூரியன் 6.35 வாக்கிலேயே உதிக்கிறது, பகல் பிப்ரவரி 10ஐவிட நாற்பது நிமிடம் நீண்டிருக்கிறது. பனியும் குறைவு, ஏழு மணிக்கே தொடங்கலாம். ஆனால் பழத்துக்குள் 25 டிகிரி இப்போது பத்து மணிக்கே வந்துவிடுகிறது என்று கொள்வோம். மூன்றரை மணி நேரம் மூன்றாகச் சுருங்கிவிட்டது. அதே மூன்றரை டன்னுக்கு 23 பேர் போதாது, 26 பேர் வேண்டும். பகல் நீண்டால் ஆள் குறையும் என்று நினைத்தவருக்கு நேர் எதிரான விடை.

மேகம் வந்த வாரம்

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பருவம் தவறிய மழை. வானிலைத் துறையின் வேளாண் அறிவுரைகள் மாவட்டவாரியாகச் செவ்வாயும் வெள்ளியும் வருகின்றன. ஐந்து நாள் முன்கணிப்பு அவற்றில் இருக்கும். மார்ச் 12இல் தயாராக வேண்டிய மூன்றாம் துண்டுக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை அறிவுரையில் திங்கள்கிழமை இடி மழைக்கு வாய்ப்பு என்று வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ரிஃப்ராக்டோமீட்டரில் சாற்றைவிட்டுப் பார்த்தால் இனிப்பு 17 பிரிக்ஸ். நாம் எதிர்பார்த்தது 18.

சனி, ஞாயிறு என இரண்டு காலைகள் கையில் இருக்கின்றன. குளிர் அறை தருவது நாளுக்கு மூன்றரை டன். ஆகவே எத்தனை பேரைக் கூப்பிட்டாலும் குளிர் அறைக்குப் போகக்கூடியது ஏழு டன்தான். முதல் பறிப்பின் அளவும் அதுவே. இங்கே எடுக்க வேண்டிய முடிவு, ஒரு பிரிக்ஸ் இனிப்பையும் அதற்கான விலையையும் விட்டுக்கொடுத்து ஏழு டன்னைக் காப்பதா, காத்திருப்பதா என்பது. குலையின் தோள் பகுதிப் பழம் நுனிப் பழத்தைவிட இனிப்பாக இருக்கும் என்பதால், நுனியிலிருந்தும் எடுத்துச் சோதித்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். தோளில் மட்டும் கிள்ளிப் பார்த்தால் எல்லாத் துண்டும் தயார் என்றே தோன்றும்.

எடுக்காமல் விட்ட மூன்று டன் மேல் மழை பெய்தால் என்ன ஆகும்? நீர் வேர் வழியாகவும் தோல் வழியாகவும் சர்க்கரை அடர்ந்த பழத்துக்குள் போகிறது. பழம் உப்புகிறது, இனிப்பு நீர்த்துப்போகிறது, தோல் தாங்காதபோது கீறல் விடுகிறது. மழை நின்ற மறுநாள் காலையில் இந்தக் கீறல்கள் மயிரிழை போல இருக்கும், கண்ணுக்குப் படாது. அன்றே பறித்து அடைத்தால் அழுகல் பெட்டிக்குள்தான் வெளிப்படும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் கெட்டது பழுப்பாகித் தன்னைக் காட்டிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு குலையிலிருந்தும் கெட்ட பழத்தைக் கத்தரி முனையால் நீக்கியாக வேண்டும். 25 வினாடியில் தொடங்கிய கணக்கு இப்போது ஒரு நிமிடம். மணிக்கு 19 கிலோ. மார்ச் மாதத்து மூன்று மணி நேரத்தில் அந்த மூன்று டன்னை ஒரே காலையில் முடிக்க 53 பேர் வேண்டும்.

அந்த 53 பேரை அந்த வாரத்தில் யாராலும் கூட்ட முடியாது, ஏனென்றால் மழை பக்கத்துத் தோட்டத்திலும் பெய்திருக்கிறது. நடைமுறையில் இருக்கிற 26 பேரைக் கொண்டு அதை இரண்டு காலைகளாகப் பிரிக்கிறார்கள். நான்காம் துண்டின் முதல் பறிப்புக்கு இன்னும் சில நாள் இருந்தால்தான் அதுவும் நடக்கும். கவாத்தின்போது பின்பக்க இடைவெளியை அகலமாக விட்டவருக்கு அந்த நாள்கள் இருக்கும்.

ஆகவே முகாதமின் கேள்விக்குத் தோட்டக்காரர் தர வேண்டிய விடை ஓர் எண் அல்ல, ஒரு சிறிய அட்டவணை. அக்டோபரில் கவாத்துத் தேதிகளோடு சேர்த்து அதை எழுதலாம்: முதல் துண்டின் முதல் பறிப்புக்கு 23 பேர், இரண்டாம் பறிப்புக்கு 27, மார்ச் கடைசித் துண்டுக்கு 26, இடையில் மழைக்காக விட்ட வெற்று நாள்கள் நான்கைந்து. பெட்டி சுமப்பவர்கள் தனி. தொடங்கும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் மட்டும் அன்றன்று காலையில் ஒரு விரலும் ஓர் ஊசி வெப்பமானியும் சொல்லட்டும். பதினொன்றரைக்கு மணி அடிக்கும்போது கைக்கெட்டும் உயரத்தில் இன்னும் நூறு குலை தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை இப்போதே அறுத்துவிடத் தோன்றும். விட்டுவிட்டால் நாளைக் காலை எட்டு மணிக்கும் அவை அங்கேயே, பச்சைக் காம்போடு இருக்கும்.